படத்தில் பிஞ்சு, கையில் முற்றல்

நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் உள்ள மெஸ்களுக்கும் சின்னக் கடைகளுக்கும் காய் வாங்கிக் கொடுப்பது என் தொழில். இப்போதெல்லாம் பாதி பேரம் வாட்ஸ்அப் படத்திலேயே முடிந்துவிடுகிறது. "நல்ல பிஞ்சு அண்ணே, பார்த்துக்கங்க" என்று பென்னாகரத்திலிருந்து ஒரு படம் வரும். தொடாமலே அது பிஞ்சா முற்றலா என்று சொல்ல வேண்டும். வெண்டையிலும் கொத்தவரையிலும் அதை எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் பார்ப்பது நீளத்தைத்தான். ஆனால் படத்தில் நீளம் தெரியாது. கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் விரல் நீளக் காய்கூட முழ நீளம் காட்டும். அதனால் காய்க்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைக்கச் சொல்வேன். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். காய் நாலு நாணய நீளம் இருந்தால் கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர். நாணயத்தைக் குவியலின் உச்சியில் வைக்கக் கூடாது. அது கேமராவுக்குக் கிட்டே வந்து பெரிதாகத் தெரியும், காயெல்லாம் குட்டையாகிவிடும். ஒரு காயைச் சாக்கின் மேல் தனியாகப் போட்டு, அதே மட்டத்தில் நாணயத்தை வைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும்.

அப்படி அளந்தாலும் நீளம் மட்டும் போதாது. காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் இரண்டு குவியல் வெண்டைக்காய் படம் அனுப்பினார். ஒன்று மூன்று நாணய நீளம், அதாவது எட்டு சென்டிமீட்டர். இன்னொன்று நாலரை நாணயம், 12 சென்டிமீட்டர். குட்டைக்குத்தான் கூடுதல் விலை கேட்டார், பிஞ்சு என்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குட்டைக் காயில் ஐந்து வரிகளும் கத்தி விளிம்பு மாதிரி எழும்பியிருந்தன. வரியை ஒட்டி இரண்டு பக்கமும் விதைகள் வரிசையாகப் புடைத்திருந்தன. பச்சையில் மினுமினுப்பில்லை. நுனி வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. நீளக் காயில் வரி இருந்தது, ஆனால் பக்கவாட்டில் புடைப்பே இல்லை. நுனி கடைசி வரை பச்சையாக, மெலிந்து போய் முடிந்தது.

"அண்ணே, ரெண்டு குவியல்லயும் நாலு நாலு காய் எடுத்து நுனியை ஒடிங்க, ஒடிஞ்ச இடத்தைக் கிட்டத்துல படம் பிடிங்க" என்றேன். நீளக் காய் நறுக்கென்று ஒடிந்திருந்தது. குட்டைக் காய் வளைந்து, தோல் பிரியாமல் நார் தொங்கிக்கொண்டிருந்தது. விசாரித்தால், கடைசி வரிசைகளுக்குச் சில நாளாகத் தண்ணீர் எட்டவில்லையாம். காய் நீளவில்லை, ஆனால் அதற்கு வயது ஏறிக்கொண்டேதான் இருந்தது. பூ விரிந்து ஐந்தாறு நாளில் பறித்துவிட வேண்டிய காய் செடியிலேயே நின்றால், எட்டு சென்டிமீட்டரிலும் நார் ஓடிவிடும். நீளக் காயைத்தான் எடுத்துக்கொண்டேன். (சந்தையில் வருகிறவர்கள் எல்லாக் காயின் நுனியையும் ஒடித்துப் பார்த்துவிட்டுப் போவது வேறு சங்கதி, அதற்கு விற்கிறவர்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.)

நீளத்தை ஒரே ரகத்துக்குள்தான் ஒப்பிட வேண்டும். எட்டுப் பட்டை நாட்டு வெண்டையையும் ஐந்து வரி ஹைபிரிட்டையும் ஒரே அளவுகோலில் பார்க்க முடியாது. நுனி கறுத்திருந்தாலே முற்றல் என்றும் சொல்லிவிடக் கூடாது. மூட்டையில் உரசினால் வரிகளின் மேல் அங்கங்கே கறுப்பு விழும், அது அடிபட்ட காயம். முற்றலில் வருவது நுனியில் காய்ந்த பழுப்பு. ரொம்பவே முற்றி உலர்ந்த காயில் அந்த வரிகளிலேயே பிளவு விடும்.

கொத்தவரைக்கு வருகிறேன். இதன் மேல் ஓரத்தில் இரண்டு வரி, கீழே ஒன்று. முதலில் நான் பார்ப்பது வரியை அல்ல, பக்கவாட்டை. பிஞ்சில் அது தட்டையாக இருக்கும், விதை இருக்கும் இடம் தெரியாது. முற்ற முற்ற விதைகள் மணி மணியாக வெளியே தெரியும். இது படத்தில் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பக்கத்திலிருந்து விழ வேண்டும். காலை வெயிலில், காயின் நிழல் ஒரு பக்கம் சாயும்படி வைத்தால் சின்னப் புடைப்பும் தெரியும். ஃபிளாஷ் போட்டு எடுத்தால் எல்லாம் தட்டையாகிப் பிஞ்சு போலவே ஆகிவிடும். தண்ணீர் தெளித்து எடுத்த படமும் அப்படித்தான், முற்றலும் பளபளக்கும்.

கொத்தவரையின் நுனியில் ஒரு மூக்கு உண்டு. பிஞ்சில் அது பச்சையாக இருக்கும், வளைத்தால் துவளும். முற்றலில் காய்ந்து முள் போல் விறைக்கும். ஆனால் நேற்றுப் பறித்து வெயிலில் கிடந்த காயிலும் மூக்கு காய்ந்துபோகும். அதனால் காம்பையும் பார்க்க வேண்டும். காம்பும் மூக்கும் சேர்ந்து வாடி, பக்கவாட்டுத் தட்டையாக இருந்தால் அது பழைய காய், முற்றல் இல்லை. காம்பு பச்சையாக இருந்து மூக்கு மட்டும் காய்ந்து, மணியும் தெரிந்தால் முற்றல்.

கொத்தவரை ஒரு கொத்தில் ஒரே நாளில் விளைவதில்லை. அடிக்காய் முந்தி முற்றும், நுனிக்காய் அப்போதுதான் நீண்டுகொண்டிருக்கும். கொத்தோடு பறித்த காயில் இரண்டும் கலந்துதான் இருக்கும். அப்படிப்பட்ட காய்க்கு மேலாப்பில் ஒரு படம் போதாது. மூட்டையைக் கவிழ்த்து, நடுவிலிருந்து ஒரு கை அள்ளி, சாக்கில் பரப்பி எடுத்த படம் வந்த பிறகுதான் நான் விலை சொல்வேன்.