ஒரே அளவு கண்ணாடி, இரண்டு மின்தேக்கிகள்

(சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு சமூக மன்றத்தில் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். 10 சென்டிமீட்டர் சதுரத்தில் இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி, உள்ளே வெறும் காற்று. இதன் மின்தேக்குதிறன் சுமார் 44 பிகோஃபாரட். இப்போது உங்கள் கையில் கொஞ்சம் கண்ணாடி இருக்கிறது, அதன் மின்காப்பு மாறிலி 6 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கண்ணாடியை 1 மில்லிமீட்டர் தடிமனில் கீழ்த் தகடு முழுக்கப் பரப்பலாம், மேலே 1 மில்லிமீட்டர் காற்று மிச்சமிருக்கும். இல்லையென்றால் 2 மில்லிமீட்டர் தடிமனில் பாதித் தகட்டை மட்டும் நிரப்பலாம், மறுபாதி காற்றாகவே இருக்கும். இரண்டிலும் கண்ணாடியின் அளவு ஒன்றுதான்.

பரப்பி வைத்தால் கிடைப்பது 76. பக்கத்தில் வைத்தால் 155. ஏறக்குறைய இரண்டு மடங்கு!

சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமலே இதைப் பிடிக்கலாம். அடுக்கி வைக்கும்போது கண்ணாடிக்குள் மின்புலம் காற்றில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான், அதனால் 1 மில்லிமீட்டர் கண்ணாடி 0.17 மில்லிமீட்டர் காற்றுக்குச் சமம். அதாவது, 2 மில்லிமீட்டர் இடைவெளி 1.17 ஆகச் சுருங்கியது போல. பக்கத்தில் வைக்கும்போது தகட்டையே நடுவில் வெட்டிவிட்டதாக நினையுங்கள்: காற்றுப் பாதி 22, கண்ணாடிப் பாதி 22-இன் ஆறு மடங்கு, அதாவது 133. கூட்டினால் 155, முடிந்தது.

“எது தொடர், எது பக்க இணைப்பு என்று எப்போதும் குழம்புகிறது சார்” என்று முன் வரிசையில் ஒரு தங்கை கேட்டார். இரண்டு பொருளும் தொடும் இடத்தில் மெல்லிய அலுமினியத் தாளைச் செருகுவதாக எண்ணிப் பாருங்கள். அடுக்கில் அந்த எல்லை முழுக்க ஒரே மின்னழுத்தம், தாளைச் செருகினாலும் எதுவும் மாறாது, ஆகவே அது தொடர். பக்கவாட்டு எல்லையோ மேல் தகட்டிலிருந்து கீழ்த் தகடு வரை நிற்கிறது, அங்கே தாளைச் செருகினால் ஷார்ட் ஆகிவிடும், ஆகவே அது பக்க இணைப்பு!

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. கண்ணாடி நல்ல இன்சுலேட்டர், உள்ளே வைத்தால் மின்தேக்கி இன்னும் அதிக வோல்ட் தாங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 கிலோவோல்ட் கொடுக்கிறோம். வெறும் காற்று என்றால் மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட், சமதளத் தகடுகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர் காற்று இதைத் தாங்கும். கண்ணாடியைப் பரப்பியதும் அதன் பங்குக்கு 0.86 கிலோவோல்ட் மட்டும் போகிறது, மீதி 5.14 கிலோவோல்ட்டும் 1 மில்லிமீட்டர் காற்றின் தலையில் விழுகிறது. அந்தக் காற்று தாங்குவது நாலரைக்குள்தான். ஆக, நல்ல இன்சுலேட்டரைச் சேர்த்ததாலேயே காற்று உடைகிறது. கண்ணாடி தடுப்பதால் பெரிய தீப்பொறி பாயாது, மெல்லிய சீறல் ஒலி, இருட்டில் ஊதா நிற ஒளி, ஓசோன் வாடை இவைதான் அடையாளம். பக்கத்தில் வைத்தால் இரண்டு பாதியிலும் மில்லிமீட்டருக்கு அதே 3 கிலோவோல்ட்தான், மின்னூட்டம்தான் கண்ணாடிப் பக்கம் ஆறு மடங்கு குவியும்.

இந்தப் பங்கீடு ஏசிக்கும், டிசி கொடுத்த முதல் கணத்துக்கும் பொருந்தும். டிசியை அப்படியே விட்டுவைத்தால் கண்ணாடி வழியாக மின்னூட்டம் மெதுவாகக் கசிந்து, அதன் பங்கு குறைந்துகொண்டே வரும், கடைசியில் ஏறக்குறைய முழு 6 கிலோவோல்ட்டும் காற்றின் மேல்தான். இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்கவே கூடாது, சொல்லிவிட்டேன்.

மின்தேக்குதிறனை மட்டும் தாராளமாக அளக்கலாம். எல்சிஆர் மீட்டர் இருந்தால் நல்லது, வயர்களே சில பிகோஃபாரட் காட்டும், முதலில் அதைக் கழித்துவிடுங்கள். ஓரங்களில் மின்புலம் வெளியே வளைவதால் கொஞ்சம் கூடுதலாகவும் காட்டும். ஆனால் பக்கவாட்டு அமைப்பில் 155-க்குப் பதில் 130 பக்கம் வந்தால் கணக்கைச் சந்தேகிக்காதீர்கள், கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே பாருங்கள். அங்கே மொத்தமாக 0.1 மில்லிமீட்டர் காற்றுப் படலம் இருந்தாலே போதும், அந்தப் பாதி உங்களுக்குத் தெரியாமல் அடுக்காக மாறிவிடுகிறது, 6 என்ற மாறிலி 4.8 ஆக இறங்குகிறது, மொத்தம் 128 ஆகிறது. பரப்பி வைத்த அமைப்பில் இந்தச் சிக்கலே இல்லை, ஏனென்றால் மொத்தக் காற்று 1 மில்லிமீட்டர் என்றால், அது கண்ணாடிக்கு மேலே இருந்தாலும் கீழே கொஞ்சம் ஒளிந்திருந்தாலும் விடை ஒன்றுதான்.

படலத்தை விரட்ட, கண்ணாடியின் இரு பக்கமும் சமையல் எண்ணெயை மெல்லத் தடவி அழுத்துங்கள். எண்ணெயின் மாறிலி சுமார் 3, அதனால் அதே 0.1 மில்லிமீட்டர் படலம் எண்ணெயாக இருந்தால் மொத்தம் 149 பக்கம் ஏறிவிடும்.