ஒரே நீலம், மாதம் ஒரு மஞ்சள்: சுவர் காலண்டர் திட்டம்

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் கேட்ட விஷயம் இது: பன்னிரண்டு படமும் ஒரே குடும்பம் மாதிரி இருக்கிற சுவர் காலண்டர் எப்படிச் செய்வது? பலரும் நினைப்பது, கையில் இருக்கும் நல்ல படங்களைப் பொறுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே ஃபில்டர் போட்டால் முடிந்தது என்று. முடியாது. ஒன்று மொட்டை வெயிலில் எடுத்தது, ஒன்று டியூப்லைட்டில் எடுத்தது என்றால் ஒரே ஃபில்டர் இரண்டையும் இரண்டு விதமாகத்தான் மாற்றும். ஒற்றுமை படம் எடுக்கும்போதே வந்துவிட வேண்டும்.

என் திட்டம் ரொம்ப எளிமை. கீழே கருநீலத் துணி, அதன் மேல் அந்தந்த மாதத்துக்கு உரிய ஒரு மஞ்சள் பொருள், கேமரா நேர் மேலே இருந்து. அவ்வளவுதான். ஜனவரிக்குப் பொங்கல் மஞ்சள் கொத்து, மார்ச்சுக்குக் காரடையான் நோன்புச் சரடு, ஏப்ரலுக்குச் சரக்கொன்றை, மே மாம்பழம், ஜூன் பலாச்சுளை, ஜூலையில் ஆடி வெள்ளிக்கு ஏற்றுகிற எலுமிச்சை விளக்கு, அக்டோபரில் ஆயுத பூஜைச் சாமந்தி, நவம்பரில் கார்த்திகை அகல், டிசம்பரில் கோலத்து நடுவில் வைக்கிற பூசணிப்பூ. மிச்ச மாதங்களுக்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள், ஆனால் மஞ்சளாக இருக்க வேண்டும், ஆரஞ்சு வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பூசணிப்பூ மார்கழியில்தான் வரும், அதை எடுத்துவிட்டு அச்சுக்குக் கொடுக்கப் போனால் புத்தாண்டு வந்துவிடும். சிவகாசியில் காலண்டர் மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்றே வெளியே வந்துவிடுகின்றன, அதாவது ஆகஸ்ட் தொடக்கத்தில். நம்மைப் போல வீட்டுக்கும் நண்பர்களுக்கும் மட்டும் அடிப்பவர்களுக்கு அக்டோபர் கடைசி வரை நேரம் உண்டு, இருந்தாலும் நவம்பர், டிசம்பர் படங்களை முந்தைய வருடமே எடுத்து வைத்திருக்க வேண்டும். அதனால் படம் எடுக்கும் வருடத்தை நவம்பரில் தொடங்குங்கள், ஜனவரியில் இல்லை.

வெளிச்சத்துக்கு ஒரே ஜன்னல், காலையில் ஒரே நேரம், நேர் வெயில் உள்ளே விழாத பக்கம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், 5500 கெல்வின் மாதிரி ஒரு எண்ணில் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் நீலத் துணியைப் பார்த்து கேமரா குழம்பி, ஒரு மாதம் எலுமிச்சை மஞ்சள், அடுத்த மாதம் காவி என்று தரும்.

கார்த்திகை அகல்தான் இந்த வரிசையில் முரண்டு பிடிக்கும் படம். சுடரின் வெளிச்சம் ரொம்பவே செம்மஞ்சளானது, இரவில் எடுத்தால் அது விழுகிற இடத்தில் நீலத் துணி அழுக்குப் பழுப்பாகத் தெரியும், மற்ற பதினொன்றோடு ஒட்டவே ஒட்டாது. இதற்கு மட்டும் நேரத்தை மாற்ற வேண்டும். சூரியன் மறைந்ததும் ஜன்னலில் கொஞ்ச நேரம் மிச்சமிருக்கும் வெளிச்சத்தில், ட்ரைபாடில் வைத்து எடுத்தால் துணி நீலமாகவே நிற்கும், சுடரும் எடுப்பாகத் தெரியும். நீலம் கொஞ்சம் கூடிப்போகும், அதை எடிட்டில் குறைத்துக்கொள்ளலாம்.

எடிட் என்றால், முதலில் ஏதாவது ஒரு படத்தை முழுதாக முடித்து அதை அளவுகோலாக வைத்துக்கொள்வேன். மாம்பழம் அதன் பக்கத்தில் ஆரஞ்சாகத் தெரிந்தால் ஆரஞ்சின் ஹியூவை மட்டும் மஞ்சள் பக்கம் மெல்ல நகர்த்துவது. பிறகு பன்னிரண்டையும் சின்னதாக்கி ஒரே பக்கத்தில் அடுக்கி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிற படம் உடனே தெரிந்துவிடும்.

அளவு ஏ3, மேல் பாதி படம், கீழ்ப் பாதி தேதி. படத்துக்கு 3508×2480 பிக்சல் போதும், 12 மெகாபிக்சல் போனே தாங்கும். சுற்றிலும் வெட்டுவதற்கு 3 மிமீ கூடுதலாக விடுங்கள், மேலே கம்பிச் சுருள் வருகிற இடத்தில் பூவின் தலை போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதிக் கட்டத்தில்தான் பலருடைய தீம் உடைகிறது, ஏனென்றால் ஞாயிறும் விடுமுறையும் சிவப்பு என்று நமக்குப் பழகிவிட்டது. இந்தக் காலண்டரில் சிவப்பு வந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். மஞ்சள் எழுத்தில் போடலாமா என்றால் வெள்ளைத் தாளில் படிக்கவே முடியாது. நான் செய்வது, விடுமுறைக்கு மஞ்சள் வட்டம், அதற்குள் கருநீல எண்.

கடைசியாக அந்த நீலம். திரையில் அழகாக இருக்கும் கருநீலம் தாளில் ஊதாவாக வருவது வழக்கமான தொல்லை, சியானும் மெஜந்தாவும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதுதான் காரணம். சியான் 100 என்றால் மெஜந்தாவை 70-க்குக் கீழே வையுங்கள். மொத்தமாக அடிக்கும் முன் அகல் படத்தை மட்டும் அதே தாளில் ஒரு மாதிரி அடித்துத் தரச் சொல்லி வாங்குங்கள், ஏனென்றால் பன்னிரண்டில் இருட்டான படம் அதுதான். அதைக் காலண்டர் மாட்டப்போகிற சுவரிலேயே பிடித்துப் பாருங்கள். துணியின் மடிப்பு தெரிந்தால் சரி, வெறும் கறுப்பாக அப்பியிருந்தால் எல்லாப் படத்திலும் நிழலைக் கொஞ்சம் தூக்க வேண்டும்.