பந்து யாருக்குப் போகவில்லை?

நேயர்களுக்கு வணக்கம். நான் 22 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பு, விளையாட்டுப் பீரியடு. இரண்டு கேப்டன்கள் முன்னால் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கடைசியில் ஒரு பையன் மட்டும் நிற்கிறான். "அவனை நீயே வச்சுக்கோ" என்கிறான் ஒரு கேப்டன். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அணி சீக்கிரம் பிரிந்துவிடும் என்பதற்காகப் பல ஆண்டுகள் இந்த முறையை நான் விட்டுவைத்திருந்தேன். அது என் தவறு.

அந்தப் பையன் விளையாட்டு உடையை மறந்துவிட்டு வர ஆரம்பித்தான். அப்புறம் வயிற்றுவலி. சோம்பேறி என்றுதான் நினைத்தேன். ஆனால் வலி வந்ததெல்லாம் எங்கள் பீரியடு இருக்கும் இரண்டு நாட்களில் மட்டும்தான்.

ஒருநாள் அவனைக் கட்டாயப்படுத்தாமல் ஆடச் சொல்லிவிட்டு, நான் ஒரு தாளோடு ஓரமாக நின்றேன். கால்பந்து, 15 நிமிடம். பந்து யார் காலுக்குப் போகிறதோ, அவர் பெயருக்கு நேராக ஒரு கோடு. மற்றவர்களுக்குப் பத்து, பன்னிரண்டு கோடுகள். அவனுக்கு ஒன்று. அதுவும் தானாக உருண்டு வந்த பந்து. இத்தனைக்கும் அவன் காலி இடம் பார்த்து ஓடினான், கையைத் தூக்கிக் கேட்டான்.

கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு பேர் எறிந்து பிடித்து ஆடிய ஃபிரிஸ்பீ தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. அதைத் திருப்பி எறிந்தார். அந்த இருவரும் கொஞ்ச நேரம் அவருக்கும் எறிந்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் செய்ததே அவருக்கு வலித்தது. அந்த அனுபவத்திலிருந்து பந்து எறியும் சோதனைகளை உருவாக்கினார். சில நிமிடங்கள் பந்து வராமல் போனாலே மனிதர்கள் வாடிப்போவதை அவை காட்டின. என் மாணவனுக்கு அது வாரத்தில் இரண்டு நாள், தெரிந்த முகங்களிடமிருந்து.

சரி, அவனிடம் பேச வேண்டும். "யாராவது கிண்டல் செய்கிறார்களா?" என்று கேட்டால் "இல்லை சார்" என்றுதான் பதில் வரும். அதனால் "உடை மாற்றும்போது நீ எங்கே நிற்பாய்?" என்று கேட்டேன். "கழிவறைக்குள் சார்." ஏன் என்று மெதுவாகக் கேட்டபோதுதான் எல்லாம் வந்தது. அவன் சட்டை தலைக்கு மேலே கை மாறிப் போகுமாம். உடம்பைப் பற்றிப் பேச்சு வருமாம். ஒருமுறை யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், படம் எடுக்கவில்லை. அந்த ஏழெட்டு நிமிடமும் நான் மைதானத்தில் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த வேலையை மாணவர்களிடம் கொடுத்துவிட்டு, உடை மாற்றும் அறையின் வாசலில் நிற்க ஆரம்பித்தேன். உள்ளே பார்க்க வேண்டியதில்லை, காது போதும். ஒரு பெயரைச் சொன்னதும் எழும் சிரிப்பு, நான் வந்ததும் விழும் அமைதி, இரண்டுமே தகவல்தான். போன்கள் வகுப்பறையிலேயே இருக்க வேண்டும் என்றேன். தாழ்ப்பாள் உள்ள அறையில் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் மாற்றலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தேன். அவனுக்கு மட்டும் தனி இடம் கொடுத்திருந்தால், ஒதுக்கியவர்கள் நினைத்ததை நானே நடத்திக் கொடுத்திருப்பேன்.

சட்டையை எறிந்தவர்களையும் அவனையும் ஒன்றாக நிறுத்திக் கைகொடுக்கச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் அது சண்டை. இங்கே ஒருபக்கம் ஐந்து பேர். தனித்தனியாகக் கூப்பிட்டு, தேதி, இடம், யார் இருந்தார்கள் என்று எழுதிக்கொண்டேன். வீட்டுக்கும் தலைமை ஆசிரியருக்கும் அன்றே சொன்னேன். படம் எடுத்திருந்தால் அதை நான் திறந்து பார்த்திருக்கவும் கூடாது, வேறு யாருக்கும் அனுப்பியிருக்கவும் கூடாது. போனை அப்படியே தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்திருப்பேன்.

மைதானத்தில், அணிகளை முந்தின இரவே தாளில் எழுதிக்கொண்டு போனேன். எல்லோரும் பந்தைத் தொட்டால்தான் கோல் என்று ஒரு விதி வைத்துப் பார்த்தேன், பலிக்கவில்லை. கடமைக்கு ஒருமுறை அவனுக்குத் தட்டிவிட்டு உடனே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நான்கு பேர் அணிதான் உதவியது. நால்வரில் ஒருவனை விட்டுவிட்டு ஆடினால் தோற்றுவிடுவோம் என்று அவர்களுக்கே புரிந்தது.

மூன்று வாரம் கழித்து மறுபடி தாளை எடுத்தேன். 15 நிமிடத்தில் அவனுக்கு ஏழு கோடுகள். வயிற்றுவலி நின்றுவிட்டது. இன்னும் அவன் தாழ்ப்பாள் போட்ட அறையில்தான் உடை மாற்றுகிறான். ஏன் என்று நான் கேட்பதில்லை.