ஸ்டோரியில் எந்த ஸ்லைடில் ஆள் கழன்றுகொள்கிறார்?

திரையில்: ஒரு கைபேசி. இன்ஸ்டாகிராம் ஸ்டோரி ஓடுகிறது. மேலே ஒன்பது சின்னக் கோடுகள். கட்டைவிரல் வலது ஓரத்தைத் தட்டிக்கொண்டே போகிறது. நான்காவது கோட்டில் விரல் நிற்கிறது. பக்கவாட்டில் ஒரு இழுப்பு. வேறொருவர் ஸ்டோரி வந்துவிடுகிறது.

குரல்: பார்த்தீர்களா, அந்த ஒரு இழுப்பு. ஸ்டோரி போட்டவர் பார்வையில், மிச்சம் இருந்த ஐந்து ஸ்லைடுகளும் அந்த ஆளுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஸ்டோரி நீளமாகிவிட்டது, குறைக்க வேண்டும் என்று நமக்கே தோன்றும். ஆனால் எதைக் குறைப்பது? பெரும்பாலும் கடைசி ஸ்லைடுகளில்தான் கை வைப்போம். ஆள் போனதோ நான்காவதில். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இன்றைக்கு ஒரே ஒரு ஸ்டோரியை வைத்துப் பார்க்கலாம்.

திரையில்: மாடித்தோட்டம். பையில் கத்தரி நாற்று.

குரல்: மாடித்தோட்டம் பற்றிய ஒரு பக்கம். கத்தரி நாற்று நடுவதை ஒன்பது ஸ்லைடுகளில் காட்டியிருக்கிறார்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை, ஆனால் நிஜ ஸ்டோரிகளிலும் இதே மாதிரியான வடிவம்தான் வரும்.

முதல் ஸ்லைடு தலைப்புப் படம். இரண்டாவதில் நாற்று, மூன்றாவதில் பை, நான்காவதில் மண் கலவை கலக்கும் 38 விநாடி வீடியோ. ஐந்தாவது, மண் நிரப்பிய பையின் படம். ஆறாவதில் கலவையின் அளவுகளை எழுத்தாகப் போட்டிருக்கிறார்கள். ஏழில் நடவு, எட்டில் தண்ணீர் விடுவது. ஒன்பதாவதில் கேள்விப் பெட்டி.

உங்கள் கணக்கு புரொஃபஷனல் கணக்காக இருந்தால், உங்கள் ஸ்டோரியைத் திறந்து மேல்நோக்கி இழுத்தால் இன்சைட்ஸ் என்ற பகுதியில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எண்கள் தனித்தனியாக வரும். 24 மணி நேரம் முடிந்த பிறகு, ஆர்க்கைவில் அதைத் திறந்து பாருங்கள். பாதி நாளில் பார்த்தால் எண்கள் இன்னும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

முதலில் ஒவ்வொரு ஸ்லைடையும் எத்தனை கணக்குகள் பார்த்தன என்பதை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். Views எண்ணை எடுக்காதீர்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் அது ஏறும்.

திரையில்: தாளில் பேனாவால் எழுதிய எண்கள். 412, 338, 321, 309, 246, 238, 231, 226, 219.

குரல்: 412 பேரில் ஆரம்பித்து 219 பேரில் முடிகிறது. பாதிப் பேர் போய்விட்டார்களே என்று பதற வேண்டாம். ஒவ்வொரு படியிலும் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு 74 பேர் குறைகிறார்கள், அதாவது 18 சதவீதம். அதன்பின் பெரும்பாலான இடங்களில் இரண்டு முதல் ஐந்து சதவீதம்தான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் 309 என்பது 246 ஆகிறது. 63 பேர், 20 சதவீதம்.

முதல் ஸ்லைடின் இறக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறொருவர் ஸ்டோரி முடிந்து உங்களுடையது தானாகவே வந்து நின்றிருக்கும். அவர்களில் பலர் உங்களைத் தேடி வந்தவர்கள் இல்லை. யாருடைய ஸ்டோரியிலும் முதல் படி செங்குத்தாகத்தான் இருக்கும். நம் கவலை அந்த 63 பேரைப் பற்றி.

இங்கேதான் பலர் தவறான ஸ்லைடை வெட்டிவிடுகிறார்கள். எண் குறைந்து தெரிவது ஐந்தாவது ஸ்லைடில். அதனால் ஐந்தாவதுதான் பிடிக்கவில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 63 பேர் ஐந்தாவதைப் பார்க்கவே இல்லையே! அவர்கள் கடைசியாகப் பார்த்தது நான்காவதை. பள்ளம் எங்கே தெரிகிறதோ, அதற்கு முந்தைய ஸ்லைடில்தான் காரணம் இருக்கும்.

திரையில்: நான்காவது ஸ்லைடின் எண்கள். Forward 188, Back 5, Next story 44, Exited 21.

குரல்: இதை உறுதிசெய்ய நான்காவது ஸ்லைடின் நேவிகேஷன் பகுதிக்குப் போகலாம். Forward என்றால் வலது பக்கம் தட்டி அடுத்த ஸ்லைடுக்குப் போனவை. Back என்றால் முந்தைய ஸ்லைடுக்குத் திரும்பியவை. Next story என்றால் உங்களை விட்டு அடுத்தவர் ஸ்டோரிக்கு இழுத்துப் போனவை. Exited என்றால் ஸ்டோரியையே மூடியவை.

Next story, Exited இரண்டையும் கூட்டினால் 65. நம் பள்ளம் 63. கிட்டத்தட்ட பொருந்துகிறது. போன ஒருவர் பிறகு திரும்பி வந்திருக்கலாம், அதனால் அச்சாகப் பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம்.

இந்த இரண்டில் நான் அதிகம் மதிப்பது Next story எண்ணை. மூடிவிட்டுப் போனவருக்குப் பேருந்து நிறுத்தம் வந்திருக்கலாம், அடுப்பில் பால் பொங்கியிருக்கலாம். அடுத்தவர் ஸ்டோரிக்குப் போனவருக்கு நேரம் இருந்தது, பார்க்கும் மனமும் இருந்தது. உங்களுடையதுதான் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார். இங்கே 44 பேர் அப்படி.

சரி, நான்காவது என்று தெரிந்துவிட்டது. அந்த 38 விநாடியில் எங்கே? அதை இன்சைட்ஸ் சொல்லாது. ஒரு ஸ்லைடுக்குள் எந்த விநாடியில் ஆள் போனார் என்பது அங்கே வராது. முன்பெல்லாம் நீளமான வீடியோவை ஸ்டோரியில் போட்டால் அது 15 விநாடித் துண்டுகளாக உடைந்துவிடும். 2022 முதல் 60 விநாடி வரை ஒரே ஸ்லைடாக ஓடுகிறது. பார்க்கச் சுகம்தான், ஆனால் ஒரு நிமிட வீடியோவுக்கு ஒரே ஓர் எண்தான் கிடைக்கும்.

அதனால் ஒரு வேலை செய்யலாம். அடுத்த முறை இதே மாதிரி ஒரு கலவை வீடியோ போடும்போது, நீங்களே அதை மூன்று துண்டாக வெட்டி மூன்று ஸ்லைடுகளாகப் போடுங்கள். கண்டுபிடிப்பதற்காக ஒரே ஒரு தடவை.

திரையில்: கலவை வீடியோ மூன்றாகப் பிரிகிறது. முதல் துண்டில் தோட்ட மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் கொட்டுகிறார்கள். இரண்டாவதில் கை கிளறிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவதில் வேப்பம்புண்ணாக்கைத் தூவுகிறார்கள்.

குரல்: இரண்டாவது துண்டில்தான் ஆட்கள் கழன்றால், கிளறும் காட்சி நீளம். அதில் மூன்று விநாடி வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடலாம். வேப்பம்புண்ணாக்குத் துண்டில் கை வைக்கத் தேவையில்லை. முதல் துண்டிலேயே போய்விட்டால் நீளம் காரணமில்லை. வீடியோ எதைப் பற்றியது என்று உடனே புரியவில்லை, அல்லது மூன்றாவது ஸ்லைடே அவர்களைச் சலிப்படைய வைத்துவிட்டது. அப்போது வெட்டுவதால் பயன் இல்லை, தொடக்கத்தை மாற்ற வேண்டும். மூன்றிலும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், கலவையைச் சொல்ல ஒரே துண்டு போதும் என்று அர்த்தம்.

அப்புறம், Forward எண். இதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். வேகமாகத் தட்டினால் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். சீக்கிரம் புரிந்துவிட்டாலும் ஆள் தட்டத்தான் செய்வார். எது என்று தெரிய அடுத்த ஸ்லைடின் Back எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திரையில்: ஐந்தாவது ஸ்லைடு, Forward 229. ஆறாவது ஸ்லைடு, Back 3.

குரல்: ஐந்தாவது, நிரப்பிய பையின் படம். 246 பேர் பார்த்த ஸ்லைடில் 229 தட்டல். அடுத்ததிலிருந்து திரும்பி வந்தது 3 தடவை. வெளியே போனவர்களும் மிகக் குறைவு. ஆட்கள் கோபப்படவும் இல்லை, நிற்கவும் இல்லை. இந்த ஸ்லைடு இல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். எடுத்துவிடலாம். மேலே ஒரு கோடு குறையும். உள்ளே நுழைந்ததும் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் ஸ்டோரி எவ்வளவு நீளம் என்று ஆள் கணக்குப் போடுகிறார்.

திரையில்: ஆறாவது ஸ்லைடு. ஒரே படத்தில் நெருக்கமாக எழுதிய அளவுகள். ஏழாவது ஸ்லைடு, Back 41.

குரல்: இதற்கு நேர் எதிரானது ஆறாவது. இதில் Forward குறைவாக இருக்கிறது. ஆனால் ஏழாவது ஸ்லைடிலிருந்து 41 தடவை பின்னால் வந்திருக்கிறார்கள். 238 கணக்குகள் பார்த்த ஸ்லைடுக்கு Views 280-ஐத் தொடுகிறது. ஒரு படம் திரையில் நிற்பது சுமார் 5 விநாடி. அதற்குள் படித்து முடிக்க முடியாத அளவு எழுத்து. படம் தானாக நகர்ந்துவிட்டது, ஆட்கள் மெனக்கெட்டுத் திரும்பி வந்து படித்திருக்கிறார்கள்.

இந்த ஸ்லைடை எடுத்துவிடக் கூடாது. இவர்களுக்கு வேண்டியதே இதுதான். எழுத்தை மட்டும் குறைக்க வேண்டும். மூன்றும் சம அளவு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. இவ்வளவுதான் விஷயம், பெரிய எழுத்தில் மூன்றே வரி. அப்படியும் அடங்காவிட்டால் இரண்டு ஸ்லைடாகப் பிரிக்கலாம். ஸ்டோரியைச் சுருக்கும்போது ஒரு ஸ்லைடு கூடுவதில் தவறில்லை.

ஒன்றை நினைவில் வையுங்கள். விரலை அழுத்திப் பிடித்து ஸ்லைடை நிறுத்திப் படிப்பவர்களும் உண்டு. அந்த அழுத்தலை இன்சைட்ஸ் எங்கேயும் காட்டாது. அதனால் Back குறைவாக இருப்பதை மட்டும் வைத்து எழுத்து சரியான அளவில் இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம்.

கடைசி ஸ்லைடின் Exited, Next story இரண்டையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்டோரி முடிந்தால் ஆள் போகத்தானே வேண்டும்.

திரையில்: கடிகாரம். காலை 8 மணிக்கு ஐந்து ஸ்லைடுகள், மாலை 7 மணிக்கு நான்கு.

குரல்: இந்தக் கணக்கு முழுவதும் ஒன்பது ஸ்லைடுகளையும் ஒரே நேரத்தில் போட்டிருந்தால்தான் செல்லும். காலையில் ஐந்து, மாலையில் நான்கு என்று போட்டிருந்தால் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே பெரிய பள்ளம் வரலாம். அது சலிப்பால் வந்தது இல்லை. காலையில் பார்த்தவர்களில் பலர் மாலையில் மறுபடி வரவில்லை, அவ்வளவுதான். பள்ளம் பெரிதாக இருந்தும் ஐந்தாவதில் Exited, Next story இரண்டும் சிறியதாக இருந்தால், இதுதான் நடந்திருக்கிறது. சில நேரம் எண் ஏறவும் செய்யும். ஒவ்வொரு ஸ்லைடும் தான் போடப்பட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரம் வாழும். மறுநாள் காலை 9 மணிக்கு வருபவருக்கு முதல் ஐந்தும் மறைந்திருக்கும். அவர் ஆறாவதிலிருந்துதான் ஆரம்பிப்பார், கதையின் தலை தெரியாமலே.

ஆட்கள் குறைவாக இருந்தாலும் கவனம் தேவை. 40 பேர் பார்க்கும் ஸ்டோரியில் ஒருவர் போனாலே இரண்டரை சதவீதம். அங்கே நான்கு பேர் போனதை வைத்து ஒரு ஸ்லைடை வெட்டிவிடாதீர்கள். அதே மாதிரியான நான்கைந்து ஸ்டோரிகளின் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பள்ளம் ஒவ்வொரு முறையும் கலவை கலக்கும் காட்சியிலேயே வந்தால், அப்போது நம்பலாம்.

திரையில்: பழைய ஸ்டோரி மேலே, புதியது கீழே. ஐந்தாவது ஸ்லைடு மறைகிறது. நான்காவது சுருங்குகிறது. ஆறாவதில் எழுத்து பெரிதாகிறது.

குரல்: ஆக, இந்தக் கத்தரி ஸ்டோரியில் கலவை வீடியோ 38 விநாடியிலிருந்து 15-க்குள் வருகிறது. பையின் படம் போகிறது. அளவுகள் மூன்று வரியாகின்றன. நடவையும் தண்ணீரையும் நாம் தொடவில்லை. அங்கே வந்து சேர்ந்தவர்கள் அப்படியே இருந்து பார்த்திருக்கிறார்கள். அடுத்த வாரம் மிளகாய் நாற்றுக்கு இதே வரிசையில், இதே நேரத்தில் போட்டுவிட்டு, மறுநாள் முதலில் பார்க்க வேண்டியது கலவை ஸ்லைடின் Next story எண்ணை.