200 வாரக் கோடும் இண்டெக்ஸ் ஃபண்டில் கூடுதல் முதலீடும்: ஒரு நேயரின் சந்தேகத்திற்கு விளக்கம்

கேள்வி: "வணக்கம் சார். நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போட்டு வருகிறேன். தனியாக 3 லட்சம் ரூபாய் லிக்விட் ஃபண்டில் இருக்கிறது. வார சார்ட்டில் 200 வார மூவிங் ஆவரேஜுக்கு நிஃப்டி இறங்கும்போது அதை மொத்தமாகப் போடலாமா? அதுவரை எஸ்.ஐ.பி.யையும் நிறுத்தி வைக்கலாமா?"

வணக்கம். இரண்டாவது சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெரிய இழப்பு அங்கேதான் நேர்கிறது. எஸ்.ஐ.பி.யை நிறுத்தாதீர்கள்.

200 வாரம் என்பது ஏறத்தாழ நான்கு ஆண்டு. கடந்த நான்கு ஆண்டுகளின் வார இறுதி விலைகளைக் கூட்டி 200-ஆல் வகுத்த சராசரியைத்தான் அந்தக் கோடு காட்டுகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் சந்தையில் இந்தக் கோடு விலைக்கு வெகு கீழே கிடக்கும். விலை அதைத் தேடி இறங்குவது அபூர்வம். 2016 பிப்ரவரியில் நிஃப்டி 7,000-க்குக் கீழே வந்து இந்தக் கோட்டை ஒட்டி நின்றது. அதன்பின் 2020 மார்ச்சில்தான் மீண்டும் வந்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் கோட்டைத் தாண்டி மேலேறிய பிறகு, 2022 ஜூன் சரிவிலும் சரி, 2025 ஏப்ரல் 7 அன்று 21,743 வரை இறங்கிய சரிவிலும் சரி, விலை கோட்டுக்கு அருகே கூட வரவில்லை.

இந்தக் காத்திருப்பின் விலையை ஒரு கணக்கில் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் கடைசி வர்த்தக நாளில் நிஃப்டி 8,185-இல் முடிந்தது. அன்று கையில் பணம் வைத்திருந்த ஒருவர், கோட்டுக்கு வரட்டும் என்று காத்திருந்தால், அவருக்கு வாய்ப்பு 2020 மார்ச்சில் கிடைக்கிறது. அந்தப் பெரும் சரிவிலும், கீழே நான் சொல்லும் முறையில் அவர் வாங்கியிருக்கக்கூடிய சராசரி விலை ஏறத்தாழ 9,000. அதாவது மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, காத்திருக்கத் தொடங்கிய நாளைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கியிருப்பார். ஆகவே இந்தக் கோட்டைக் கொண்டு மாதாந்திர முதலீட்டைத் தீர்மானிக்கக் கூடாது. தனியாக ஒதுக்கிய பணத்தை எப்போது சேர்ப்பது என்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

இனி அந்த 3 லட்சத்தைப் பார்ப்போம். சார்ட்டை எடுக்கும்போது உங்கள் ஃபண்டின் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பைக் காட்டும் சார்ட்டை எடுக்காதீர்கள். ஃபண்ட் தொடங்கி நான்கு ஆண்டு ஆகாவிட்டால் 200 வாரக் கோடே வராது. மேலும், நிறுவனங்கள் தரும் டிவிடெண்ட் என்.ஏ.வி.யில் சேர்ந்துகொண்டே போவதால், நிஃப்டியில் தெரியும் கணக்கும் அதில் தெரியும் கணக்கும் ஒத்துப்போகா. நிஃப்டி 50 இண்டெக்ஸின் சார்ட்டையே திறந்து, கால அளவை `1W` என்று வைத்து, எளிய மூவிங் ஆவரேஜான `SMA`-வில் `Length` என்ற இடத்தில் 200 என்று கொடுங்கள்.

கோட்டைத் தொட்டவுடன் வாங்குவதை நான் ஏற்பதில்லை. வார சார்ட்டின் கடைசி கேண்டில், அதாவது நடப்பு வாரத்தின் விலையைக் காட்டும் பட்டை, வெள்ளிக்கிழமை மாலை 3.30-க்குச் சந்தை மூடும்வரை உருமாறிக்கொண்டே இருக்கும். புதன்கிழமை கோட்டுக்குக் கீழே இருந்த விலை வெள்ளியன்று மேலே முடியலாம். எனவே வார இறுதி விலை கோட்டுக்குக் கீழே முடிந்ததா என்பதை மட்டும் பாருங்கள்.

மொத்தமாகப் போடுவதிலுள்ள சிக்கலுக்கு 2008 நல்ல சாட்சி. அந்த ஆண்டு அக்டோபர் இரண்டாம் வாரத்தில் நிஃப்டி கோட்டை உடைத்துக்கொண்டு 3,280-இல் முடிந்தது. அடுத்த சில நாட்களில், அக்டோபர் 27 அன்று, 2,252 வரை இறங்கியது. கோடு என்பது சந்தை தாங்கி நிற்கும் தரை அன்று. அது வெறும் சராசரி. 3,280-இல் முழுப் பணத்தையும் போட்டவருக்கு மூன்று வாரத்திற்குள் மூன்றில் ஒரு பங்கு கரைந்ததுபோல் தெரிந்திருக்கும். பிற்காலத்தில் அது நல்ல விலை என்று நிரூபணமானது உண்மைதான். ஆனால் அந்த மூன்று வாரத்தில் பயந்து வெளியேறியவருக்கு அந்த உண்மையால் பயனில்லை.

அதனால் 3 லட்சத்தை 50,000 வீதம் ஆறு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வார இறுதி விலை கோட்டுக்குக் கீழே முடிந்தால், அடுத்த வர்த்தக நாளில் ஒரு பகுதியைப் போடுங்கள். அதன்பின் இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் கீழே இருந்தால் அடுத்த பகுதி.

இதை 2020-இல் பொருத்திப் பார்க்கலாம். மார்ச் 13, வெள்ளிக்கிழமை, நிஃப்டி 9,955-இல் முடிந்தது. கோடு அப்போது 10,000-க்குச் சற்று மேலே இருந்தது. ஆகவே முதல் பகுதி மார்ச் 16, திங்கட்கிழமை. அன்று ஒரே நாளில் 757 புள்ளிகள் சரிந்து 9,197-இல் முடிந்தது. அறிகுறி தெரியும் விலைக்கும் உங்களுக்குக் கிடைக்கும் விலைக்கும் இவ்வளவு இடைவெளி வரலாம் என்பதை மனத்தில் வையுங்கள். அன்று அது உங்களுக்குச் சாதகமாக அமைந்தது, எப்போதும் அப்படி அமையாது. இரண்டாம் பகுதி மார்ச் 30 அன்று 8,281-இல். அடுத்தடுத்த பகுதிகள் ஏப்ரல் 13, ஏப்ரல் 27, மே 11, மே 26 ஆகிய நாட்களில், ஏறக்குறைய 9,000-க்கும் 9,300-க்கும் இடையில். ஆறும் சேர்ந்த சராசரி ஏறத்தாழ 9,000.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முதல் திங்களன்றே மொத்தத்தையும் போட்டிருந்தால் 9,197. பிரித்துப் போட்டதில் மிச்சமானது இரண்டு சதவீதம் அளவுக்குத்தான். மார்ச் 24 அன்று 7,511 என்ற அடிமட்டம் இந்த முறையில் அகப்படவே இல்லை. எனவே பிரித்துப் போடுவதால் மலிவாக வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை. நாடே முடங்கிக் கிடந்த அந்த வாரங்களில், முதல் பகுதி நஷ்டத்தில் நிற்கும்போதும் இன்னும் ஐந்து பகுதி கையில் இருக்கிறது என்ற நிலைதான் ஒருவரை இரண்டாவது பகுதியைப் போட வைக்கும். அதற்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன்.

நடைமுறையில் தடுக்கும் ஒரு விஷயமும் உண்டு. அறிகுறி வெள்ளி மாலையில்தான் உறுதியாகிறது. திங்களன்று லிக்விட் ஃபண்டிலிருந்து பணம் எடுக்கச் சொன்னால், அது பொதுவாக மறுநாள்தான் வங்கிக்கு வரும். இண்டெக்ஸ் ஃபண்டிலோ, பணம் மாலை 3 மணிக்குள் ஃபண்ட் நிறுவனத்தின் கணக்கைச் சேர்ந்தால்தான் அன்றைய என்.ஏ.வி. கிடைக்கும். எனவே முதல் 50,000-ஐ மட்டும் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருங்கள். மற்ற ஐந்தும் லிக்விட் ஃபண்டில் இருக்கட்டும்.

இந்த முறை நிஃப்டி 50 போன்ற பரந்த இண்டெக்ஸுக்கு மட்டுமே. தனிப் பங்குக்கோ ஒரே துறை சார்ந்த ஃபண்டுக்கோ இதைக் கொண்டுபோகாதீர்கள். அவை கோட்டுக்குக் கீழே போய்த் திரும்பாமலேயே கிடக்கலாம். பரந்த இண்டெக்ஸுக்கும் உத்தரவாதம் இல்லை. 1989 இறுதியில் ஜப்பானின் நிக்கேய் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்ட 2024 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் நீண்ட சராசரியே கீழ்நோக்கிச் சாய்ந்தது. அதனால் ஆறு பகுதி முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். அவசரச் செலவுக்கான பணத்தையோ கடன் வாங்கிய பணத்தையோ ஏழாவது பகுதியாக்காதீர்கள்.

கடைசியாக, கோடு வராமலேயே போனால் என்ன செய்வது? இன்றே ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில் ஒன்றரை ஆண்டு போதும். அதற்குள் ஒரு வாரம்கூடக் கோட்டுக்குக் கீழே முடியவில்லை என்றால், 3 லட்சத்தை லிக்விட் ஃபண்டிலிருந்து, ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாதாமாதம் பணத்தை மாற்றும் எஸ்.டி.பி. மூலம் மாதம் 25,000 வீதம் பன்னிரண்டு மாதத்தில் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றிவிடுங்கள். சில பகுதிகளைப் போட்ட பிறகு விலை கோட்டைத் தாண்டி மேலே போய்விட்டாலும், மீதமுள்ள பகுதிகளுக்கு இதே வழிதான்.