போன வருட அக்டோபரை நம்பாதீர்கள்

(வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடைக்காரர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இன்று ஒரே ஒரு சரக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன்: வெள்ளை வேட்டி. எம்.சி. ரோட்டில் நடுத்தரமான ஒரு சில்லறைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் யாருடைய கடையிலிருந்தும் எடுத்தவை அல்ல, கணக்குக்காக நான் அமைத்தவை. ஆனால் ஏற்ற இறக்கம் உங்களுக்குப் பழகியதாகத்தான் இருக்கும்.

2023 ஏப்ரலிலிருந்து மாதம் மாதமாக விற்ற பீஸ்கள் இவை: 800, 900, 700, 750, 950, 850. அப்புறம் அக்டோபரில் 1500, நவம்பரில் 1450, டிசம்பரில் 700. பொங்கல் வந்த 2024 ஜனவரியில் 1900. பிப்ரவரி, மார்ச் இரண்டிலும் 750. மொத்தம் 12,000. மாதச் சராசரி 1000.

நம்மில் பலர் பழக்கத்தில் வைத்திருக்கும் கணக்கு, கடைசி மூன்று மாதச் சராசரி. ஒவ்வொரு மாதமும் பழைய மாதம் ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதிய மாதத்தைச் சேர்ப்பதால் இதுவும் நகரும் சராசரிதான். அரிசி, பருப்பு மாதிரி ஒரே சீராகப் போகும் சரக்குக்கு இது போதும். வேட்டிக்கு என்ன ஆகிறது பாருங்கள். செப்டம்பர் முடிவில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் சராசரி 850. அதை நம்பி வாங்கினால், 1500 கேட்கும் அக்டோபரில் பாதி மாதத்திலேயே ரேக் காலி. ஜனவரி முடிவில் நவம்பர், டிசம்பர், ஜனவரி சராசரி 1350. அவ்வளவு வாங்கினால் பிப்ரவரியில் 750 போகும், 600 பீஸ் தேங்கும். சீசன் வரும்போது இந்தக் கணக்கு கையைச் சுருக்கிவிடும், முடிந்தபின் தாராளமாக அவிழ்த்துவிடும். எப்போதும் ஒரு சீசன் பின்னால்தான் வரும்.

இதற்கு மாற்று, சராசரியைப் பன்னிரண்டு மாதத்துக்கு எடுப்பது. பன்னிரண்டு மாதம் என்றால் எந்த மாதத்தில் தொடங்கினாலும் அநேகமாக அதில் ஒரு பொங்கல், ஒரு ஆடித் தள்ளுபடி, ஒரு தீபாவளி இருக்கும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மிஞ்சுவது கடையின் உண்மையான மட்டம்: வியாபாரம் வளர்கிறதா, தேய்கிறதா என்பது மட்டும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். ஏப்ரல் முதல் மார்ச் வரையான பன்னிரண்டு மாதத்தின் நடு, செப்டம்பரும் இல்லை, அக்டோபரும் இல்லை. இரண்டுக்கும் இடையில் விழுகிறது. அதனால் ஒரு மாதம் தள்ளி, மே முதல் அடுத்த ஏப்ரல் வரை இன்னொரு சராசரி எடுத்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். 2024 ஏப்ரலில் 920 விற்றிருக்கிறது என்றால் இரண்டாவது சராசரி 1010. இரண்டின் நடு 1005. இந்த நடுப்படுத்திய சராசரிதான் 2023 அக்டோபரின் மட்டம். அந்த மாதம் விற்ற 1500-ஐ 1005-ஆல் வகுத்தால் 1.49. அக்டோபர் சாதாரண மாதத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று பொருள். இதைப் பருவக் குறியீடு என்கிறோம்.

கணினியில் போடுகிறவர்களுக்கு: முதல் வரி தலைப்பு, B2-இல் 2023 ஏப்ரல் விற்பனை, அப்படியே கீழே இறங்கினால் அக்டோபர் எட்டாவது வரியில் வரும்.

```
C8: =(AVERAGE(B2:B13)+AVERAGE(B3:B14))/2
D8: =B8/C8
```

இதைக் கீழே இழுத்துவிட்டால், கையில் இருக்கும் விற்பனையில் கடைசி ஆறு மாதம் தவிர, அடுத்தடுத்த மாதங்களுக்கும் வந்துவிடும். பீஸ் கணக்கில் போடுங்கள், ரூபாயில் வேண்டாம். நூல் விலை ஏறினால் ரூபாய்க் கணக்கு வேட்டி அதிகம் விற்றதாகக் காட்டும்.

பாடப் புத்தகம் இதற்கு மேல் சொல்வது எளிது. மூன்று வருடக் குறியீடுகளை மாதவாரியாகச் சராசரி எடு, பன்னிரண்டின் கூட்டுத்தொகை 12 வரும்படி சரிசெய், வரப்போகும் மாதத்தின் மட்டத்தோடு பெருக்கு, முடிந்தது. நம் ஊரில் அது முடியாது. ஏனென்றால் நம் பண்டிகைகளில் சில ஆங்கில மாதத்துக்குக் கட்டுப்படாதவை.

பொங்கல் தை முதல் நாள். சூரியக் கணக்கு, ஜனவரி 14 அல்லது 15-ஐத் தாண்டாது. ஐயப்பன் மாலைக்கான கறுப்பு வேட்டியும் அப்படியே, கார்த்திகை முதல் தேதி நவம்பர் நடுவில் வந்துவிடும். இவற்றுக்கு மாதக் குறியீடு அழகாகப் பொருந்தும். தீபாவளி அமாவாசையைப் பிடித்து வருவது. 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. ரம்ஜான் இன்னும் வேறு மாதிரி, வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே முன்னே போய்க்கொண்டே இருக்கும். லுங்கி வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நம் கடையில் தீபாவளி செய்யும் வேலையைப் பாருங்கள். 2023-இல் குறியீடு அக்டோபர் 1.49, நவம்பர் 1.43. கூட்டம் இரண்டு மாதத்துக்கும் பங்காகிவிட்டது. 2024-இல் அக்டோபர் 2.20, நவம்பர் 0.70. 2025-இல் அக்டோபர் 1.90, நவம்பர் 0.75, ஆனால் செப்டம்பர் வழக்கமான 0.85-இலிருந்து 1.10-க்கு ஏறிவிட்டது.

"போன வருடம் இதே மாதம்" என்று பில் புத்தகத்தைப் புரட்டி 2024-க்கு வாங்கியவர் என்ன செய்திருப்பார்? அன்றைய மட்டம் 1100. அதை 1.49-ஆல் பெருக்கி அக்டோபருக்கு 1640 வாங்கியிருப்பார். கேட்டதோ 2420. தீபாவளிக்கு முந்தைய வாரம் 780 பேர் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார்கள். அதோடு நிற்காது, நவம்பருக்கு என்று 1.43 கணக்கில் கிட்டத்தட்ட 1590 வந்து இறங்கியிருக்கும். விற்பது 780. ஒரே தவறுக்கு இரண்டு முறை தண்டம்.

மூன்று வருடச் சராசரி எடுத்தாலும் தப்பவில்லை. அக்டோபருக்கு 1.86, நவம்பருக்கு 0.96 வரும். அப்படிப்பட்ட ஒரு தீபாவளி இந்த மூன்றில் எந்த வருடத்திலும் வந்ததில்லை.

ஆனால் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 2023-இல் 3.77, அடுத்த இரண்டு வருடமும் 3.75. தீபாவளி எந்தத் தேதியில் வந்தாலும் மூன்று மாத மொத்தம் அசையவில்லை. அசைவது பங்கீடு மட்டும். ஆகவே மொத்தத்தைக் குறியீட்டிலிருந்து எடுங்கள், பங்கீட்டைத் தேதியிலிருந்து எடுங்கள்.

பங்கீடு எப்படி? பண்டிகை இல்லாவிட்டால் இந்த மாதங்களின் சாதாரணக் குறியீடு செப்டம்பருக்கு 0.85, மற்ற இரண்டுக்கும் 0.75. கூட்டினால் 2.35. மொத்தம் 3.75-இல் இதைக் கழித்தால் மிஞ்சும் 1.40 தீபாவளி கொண்டுவந்தது. 2023-இல் நவம்பரில் பண்டிகைக்கு முன் 11 நாள் இருந்தது. நவம்பரின் கூடுதல் 0.68. ஆக தீபாவளி வியாபாரத்தில் ஏறக்குறைய பாதி, கடைசி 11 நாளில் நடக்கிறது. 2025-இல் அக்டோபரில் 19 நாள் இருந்தது, அதற்கு முன்பே செப்டம்பரில் விழுந்தது 0.25 மட்டும். போனஸ் கைக்கு வந்தபின்தானே பாதி ஜனம் கடைக்குள் நுழைகிறது, அது இந்த எண்களில் தெரிகிறது. தினசரி பில் வைத்திருக்கிறவர்கள் இவ்வளவு ஊகிக்கவே வேண்டாம். தேதியை மறைத்துவிட்டு, "தீபாவளிக்கு இத்தனை நாள் முன்" என்று வரிசைப்படுத்தினால் போதும்.

2026-க்குப் போடுவோம். நவம்பர் 8 என்றால் நவம்பரில் 7 நாள். கடைசி 11 நாளின் 0.68-இல் அந்த 7 நாளுக்கு 0.50 கொடுக்கலாம். நவம்பர் குறியீடு 1.25. மீதி 0.90 அக்டோபருக்கு, அது 1.65. செப்டம்பர் அப்படியே 0.85.

அடுத்தது மட்டம். ஈரோட்டுக்கு ஆர்டர் கொடுத்துச் சரக்கு வந்து இறங்க நாள் பிடிக்கும், அதனால் தீபாவளி ஆர்டரை ஆகஸ்டில் முடிவு செய்கிறோம் என்று வையுங்கள். ஜூலை வரை விற்பனை கையில் இருக்கிறது. ஆனால் நடுப்படுத்திய சராசரி ஆறு மாதம் பின்தங்கியே நிற்கும், ஜனவரி 2026 வரைதான் கிடைக்கும். அது 1200 என்போம். 2024 அக்டோபரில் 1100, 2025 அக்டோபரில் 1180, மாதத்துக்கு ஏழு பீஸ் போல வளர்ச்சி. ஒன்பது மாதம் தள்ளி அக்டோபருக்கு 1260. இது வெறும் நீட்டல், அதனால் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். ஜூலையில் 930 விற்றிருந்தால், அதன் குறியீடு 0.75-ஆல் வகுத்தால் 1240. மட்டம் சரியான வழியில் போகிறது. மே, ஜூன், ஜூலை மூன்றும் தொடர்ந்து 1150 பக்கம் காட்டினால், வளர்ச்சி நின்றுவிட்டது, 1260-ஐ விட்டு இறங்கிவிடுங்கள்.

சரி, பெருக்கினால் அக்டோபருக்கு சுமார் 2080, நவம்பருக்கு சுமார் 1580. இது தேவை. கையிருப்பையும் வழியில் வருவதையும் கழித்தால்தான் கொள்முதல்.

கணக்கைக் கெடுக்கும் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று மழை. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் வட சென்னை எப்படிக் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நம் கடையில் அந்த மாதக் குறியீடு 0.68, மற்ற வருடங்களில் 0.8-ஐ ஒட்டி இருக்கிறது. மூன்றையும் சராசரி எடுத்தால் புயலும் ஆண்டுதோறும் வரும் சீசன் ஆகிவிடும். மூன்றில் நடுவில் இருக்கும் எண்ணை எடுங்கள்.

இன்னொன்று இதைவிட மோசம், கண்ணுக்குத் தெரியாதது. நாம் வைத்திருப்பது விற்பனை எண், கேட்ட எண் அல்ல. 1640 வாங்கித் தீர்ந்துபோன அந்தக் கடைக்காரரின் புத்தகத்தில் 2024 அக்டோபர் 1640 என்றுதான் பதிவாகும், குறியீடும் 1.6-ஐத் தாண்டாது. அடுத்த வருடமும் குறைவாக வாங்குவார், "பார்த்தாயா, கணக்கு சரியாக வந்தது" என்றும் சொல்வார். சரக்கு தீர்ந்த தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 22-ஆம் தேதி தீர்ந்தது என்றால், இல்லாமல் போன ஒன்பது நாள் பண்டிகைக்கு முன் எந்த ஒன்பது நாள் என்று பார்த்து, அதன் பங்கைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, முழுவதையும் ஆகஸ்டிலேயே வாங்கிவிட வேண்டாம். முக்கால் பங்கு அப்போது, மீதிக்கு அக்டோபர் 20-ஆம் தேதி முடிவு. அது தீபாவளிக்கு 19 நாள் முன். 2023-இல் அதே இடம் அக்டோபர் 24, 2024-இல் அக்டோபர் 12. அந்த நாள் வரை விற்றதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குமேல் உள்ளூர் மொத்த வியாபாரியிடம்தான் வாங்க முடியும், பீஸுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டியிருக்கும். வெள்ளை வேட்டி என்றால் சந்தேகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குவேன், மிஞ்சினாலும் பொங்கலுக்கு 1900 போகும் சரக்கு அது. அந்த வருடம் மட்டும் ஓடும் கலர் கரை டிசைன் என்றால் மீதி கால் பங்கைத் தொடவே மாட்டேன்.