அம்மை போட்ட வீடும் திருப்பூர் அத்தையும்

நடுவர் கேட்டது: "வருகிறேன் என்று தேதி சொல்லிவிட்ட சொந்தக்காரரிடம், வீட்டில் உடம்பு சரியில்லை, நெருக்கடி என்று சொல்லி 'இப்போது வேண்டாம், பிறகு வாருங்கள்' என்றால் அது உறவைக் காக்குமா, முறிக்குமா?"

நடுவர் அவர்களுக்கும் சபையில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். காக்கும் என்பது எங்கள் அணி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

2024-ஆம் ஆண்டு சித்திரைத் திருவிழா. ஏப்ரல் 21 மீனாட்சி திருக்கல்யாணம், 22 தேரோட்டம், 23 அழகர் ஆற்றில் இறங்கினார். அந்த நாட்களில் மதுரையில் எந்த வீட்டில் விருந்தாள் இல்லை, சொல்லுங்கள்? அந்த வீட்டுக்குத் திருப்பூரிலிருந்து அத்தை, அத்தை மகன், ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் மூவரும் 20-ஆம் தேதி வருவதாக இருந்தது. ஏப்ரல் 6 அன்று அந்த வீட்டுப் பையனுக்கு முதுகில் கொப்புளம் கிளம்பியது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள்.

எதிரணியில் முதலில் பேசிய ஐயா, "12, 13-ஆம் தேதி தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், 20-ஆம் தேதி வந்தால் என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், பாதி சரியும்கூட. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பக்கு கட்டிவிட்டால் அந்தப் பையனிடமிருந்து இனிமேல் பரவாது. ஆனால் ஐயா, அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறதே? அதற்கு இதற்கு முன் அம்மை போட்டதில்லை, தடுப்பூசியும் போடவில்லை. ஒருவரிடமிருந்து தொற்றினால் அடுத்தவருக்குக் கொப்புளம் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் வரை ஆகும். தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே அது பரவவும் ஆரம்பித்துவிடும். பையனிடமிருந்து கடைசியாக ஏப்ரல் 12 வாக்கில் தொற்றியிருக்கலாம் என்று வைத்தால் மே 3 வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றியது பையனுக்கு. கணக்கு முடியாதது தங்கைக்கு.

அந்தக் குழந்தைக்கு எப்போது போட்டது தெரியுமா? திருக்கல்யாணத்தன்று, 21-ஆம் தேதி. 20-ஆம் தேதி ராத்திரி அது ஓடி விளையாடிக்கொண்டுதான் இருந்தது. மருமகள் வந்திருந்தால் அந்தக் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்திருப்பார். முன்பு அம்மை வராத கர்ப்பிணிக்கு அது வந்தால் நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறக்கிற குழந்தைக்கே ஆபத்து.

அடுத்து பேசிய அம்மா தன் சொந்த அனுபவத்தைச் சொன்னார். மகனுக்குப் பரீட்சை, வர வேண்டாம் என்று நாத்தனார் தள்ளிப்போட்டாராம். அதே வாரத்தில் நாத்தனார் பிறந்த வீட்டு ஆட்கள் வந்து தங்கியதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்தாராம். கேட்க எனக்கும் மனது சங்கடப்பட்டது. ஆனால் அம்மா, உங்களைச் சுட்டது தேதி மாறியதா? ஒரு பக்கத்து ஆட்களுக்குக் கதவு திறந்து, உங்களுக்கு மட்டும் மூடியதுதானே? தள்ளிப்போடுகிறவர் எல்லோருக்கும் ஒன்றுபோலத் தள்ளிப்போட வேண்டும். நான் சொல்லும் வீட்டில் உள்ளூர் மச்சினரைக்கூடத் திருவிழாவுக்கு வீட்டுக்குள் கூப்பிடவில்லை.

சரி, அத்தையிடம் எப்படிச் சொன்னார்கள்? இங்கேதான் பல வீடுகளில் சிக்கல் வருகிறது. வாயில் வந்த பொய்யைச் சொல்வார்கள்: பெயிண்ட் அடிக்கிறோம், தண்ணீர் வரவில்லை. மூன்றாம் நாள் வேறு யாராவது வீட்டுக்கு வந்துவிட்டுப் போய் அத்தையிடம் பேசினால் எல்லாம் வெளியே வந்துவிடும். அம்மை என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறவர்களும் உண்டு. 'அம்மா வந்திருக்கிறாள்' என்றால் போதும், புரியாத பெரியவர்கள் நம் ஊரில் கிடையாது.

யார் பேசுவது என்பது இன்னும் முக்கியம். அந்த வீட்டு அம்மா பேசியிருந்தால், "என் அண்ணன் மருமகள் அந்த வீட்டுக்கு என்னை வரவிடவில்லை" என்றுதான் திருப்பூரில் பேச்சு கிளம்பியிருக்கும். அதனால் அத்தையின் மருமகனே, அதாவது அண்ணன் மகனான அந்த வீட்டு அப்பாவே பேசினார். குடும்ப குரூப்பில் போடவில்லை, வாய்ஸ் மெசேஜும் அனுப்பவில்லை. பையனுக்குக் கொப்புளம் வந்த மறுநாளே நேராக அத்தைக்குப் போன் போட்டார். அவர் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன்:

"அத்தை, நல்லா இருக்கீங்களா? தம்பிக்கு அம்மை போட்டிருக்கு. பாப்பாவுக்கும் வரலாம்னு டாக்டர் சொல்றார். மாசமா இருக்கிற பொண்ணு இப்ப வரக் கூடாது அத்தை. டிக்கெட்டை இப்பவே கேன்சல் பண்ணிடுங்க. மே 5-ஆம் தேதி நானே கூப்பிடுறேன், அன்னைக்கு நாள் பார்ப்போம்."

இதில் ஒரே காரணம்தான் இருக்கிறது. ஒன்றுக்கு மூன்று காரணம் அடுக்கினாலே கேட்கிறவருக்குச் சந்தேகம் வரும். வருகிற தேதியை அவர் வாக்குக் கொடுக்கவில்லை, கூப்பிடுகிற தேதியைக் கொடுத்தார். மே 5-ஆம் தேதி பேசியபோது வருகிற நாள் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனது. ஆனால் சொன்ன நாளில் போன் வந்தது. "பார்க்கலாம், சொல்றேன்" என்று விட்டிருந்தால் அத்தை எதிர்பார்த்து எதிர்பார்த்துக் கசந்திருப்பார். அப்புறம், டிக்கெட். ரயில் கிளம்ப நாள் நெருங்க நெருங்க ரத்து செய்தால் பிடிக்கிற பணம் கூடும், கடைசி நேரத்தில் ஒன்றும் திரும்பாது. மறுநாளே சொன்னதால் அத்தைக்குப் பெரும்பகுதிப் பணம் வந்துவிட்டது.

"முகத்துக்கு நேரே வராதே என்பதைவிட வரவிட்டுச் சமாளிக்கலாம்" என்று எதிரணி சொன்னது. வந்தபின் என்ன செய்வீர்கள்? மருமகளைத் தனி அறையில் உட்காரச் சொல்வீர்களா? வந்து, தெரியாமல் தொற்றி, திருப்பூர் போனபின் கொப்புளம் வந்தால், "அம்மை இருந்ததைச் சொல்லவே இல்லை" என்ற ஒரு வார்த்தை இரண்டு தலைமுறைக்குப் போதும். முன்கூட்டியே தெரிந்தால் கர்ப்பிணிக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தம் பார்க்கலாம். தொற்றுப்பட்ட சில நாட்களுக்குள் போட வேண்டிய ஊசியும் இருக்கிறது. மறைத்தால் அந்த நாட்கள் கைவிட்டுப் போகும்.

ஒரு விஷயத்தில் எங்கள் அணிக்குள்ளேயே இன்னும் வழக்கு முடியவில்லை, நடுவர் அவர்களே. அத்தை அன்றைக்குப் போனில், "எனக்குச் சின்ன வயசிலேயே போட்டாச்சு. நான் மட்டும் வந்து பிள்ளையைப் பார்த்துக்கிறேனே" என்று கேட்டிருக்கிறார். மருமகன் வேண்டாம் என்றார், திரும்பிப் போகும் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரே என்ற பயம். எங்கள் அணியில் நர்ஸாக இருக்கும் சகோதரி, ஏற்கெனவே போட்டவருக்குத் திரும்ப வருவது அபூர்வம், அவர் மூலமாகக் கர்ப்பிணிக்குப் போகும் வாய்ப்பும் மிகக் குறைவு, அத்தையை விட்டிருக்கலாம் என்கிறார். எனக்கோ, ராத்திரி முழுக்க விசிறிவிட ஆள் இல்லாமல் தவித்த அந்தத் தாயின் முகம்தான் கண்ணில் நிற்கிறது. இருந்தாலும் ஏழு மாதப் பெண் இருக்கும் வீட்டிலிருந்து ஒருவரை வரவழைக்க நானும் துணிந்திருக்க மாட்டேன். அத்தையைத் தடுத்தது சரியா என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன். மருமகளைத் தடுத்தது சரி என்பதில் எங்களுக்குள் இரண்டு பேச்சு இல்லை. அந்தக் குடும்பம் பிறகு வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனது. நன்றி, வணக்கம்.